வராத ஒன்பது வகுப்பு: 30-ஆல் வகுப்பதா, 22-ஆல் வகுப்பதா?

எல்லிஸ் நகர் டீச்சர்
வீட்டில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். எட்டுப் பிள்ளைகள், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 7.30 வரை, மாதம் 1,200 ரூபாய். அம்மை போட்டதால் ஒரு பையன் ஒன்பது வகுப்புக்கு வரவில்லை. அவன் அம்மா 1,200-ஐ 30-ஆல் வகுத்து, நாளுக்கு 40 என்று 360-ஐக் கழித்துக்கொண்டு 840 மட்டும் அனுப்பியிருக்கிறார். "வராத நாளுக்கு எதுக்குக் காசு, மணிக்கணக்குதான் நியாயம்" என்கிறார். மணிக்கணக்கா, பாடத்துக்கு இவ்வளவு என்றா, மாதத்துக்கா, எப்படி வாங்கட்டும்?

கணக்குப்புலி
30 என்பதே தப்பு. சனி, ஞாயிறு பாடம் நடந்ததா? இல்லை. மாதத்துக்கு 22 வகுப்புதான். 22-ஆல்தான் வகுக்க வேண்டும். அதை முதலில் அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பழங்காநத்தம் வாத்தியார்
தம்பி, சொல்வதற்கு முன்னால் நீங்கள் வகுத்துப் பார்த்திருக்கலாம். 1,200-ஐ 22-ஆல் வகுத்தால் ஒரு வகுப்புக்கு 54 ரூபாய் 50 காசு. ஒன்பதுக்கு 490 வரும். உங்கள் பேச்சைக் கேட்டால் டீச்சருக்கு இன்னும் 130 நஷ்டம்.

டீச்சர், பேட்ச் எடுப்பவர் மணிக்கணக்குக்குப் போகவே கூடாது. பையன் வராத அன்று நீங்கள் 6 மணிக்குக் கதவைத் திறக்காமல் இருந்தீர்களா? ஏழு பேருக்கும் அதே ஒன்றரை மணி நேரம் நின்றுதானே எடுத்தீர்கள். வந்த நாளுக்கு மட்டும் காசு என்று வைத்தால் என்ன ஆகும் பாருங்கள். பிள்ளைகள் ஆளுக்கு மாதம் மூன்று நாள் வராமல் போவது சாதாரணம். அப்போது 19 வகுப்புக்குத்தான் காசு வரும். உங்களுக்கு வரவேண்டிய 9,600 வர, வகுப்புக்கு 63 ரூபாய் வைக்க வேண்டும். ஒரு நாளும் தவறாமல் 22 வகுப்புக்கும் வருகிற பிள்ளையின் வீட்டில் 1,386 ஆகிவிடும். ஒழுங்காக வருகிறவன் தலையில்தான் அது விடியும். 19 வருஷமாக டியூஷன் எடுக்கிறேன், ஆரம்பத்தில் நானே அப்படி வாங்கிக் கெட்டிருக்கிறேன்.

ஆனையூர் அப்பா
வாத்தியார் கணக்கு நல்லாத்தான் இருக்கு. அம்மை போட்ட பிள்ளையை அனுப்பியிருந்தால் அந்த ஏழு பேருக்கும் ஒட்டியிருக்கும். பிறகு எந்த 9,600? கொப்புளம் காய்ந்து பக்குத் தட்டும் வரை வீட்டில் வைத்தது உங்கள் பேட்சைக் காப்பாற்றத்தான். அதற்கு அந்த அம்மாவிடம் முழுக் காசு கேட்பீர்களா? நான் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் போகவில்லை என்றால் எனக்குக் கூலி கிடையாது. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?

பழங்காநத்தம் வாத்தியார்
அண்ணே, கூலிக்காரர் யார் என்று பாருங்கள். டீச்சர் 22 நாளும் வேலைக்கு வந்தார். வராதது பையன். பட்டறைக்கு வேலை கொடுத்தவர் ஊரில் இல்லை என்று உங்கள் கூலியை வெட்டினால் விடுவீர்களா?

அம்மை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு என் வீட்டு நடைமுறை இதுதான். தொடர்ந்து ஏழு வகுப்புக்கு மேல் நோயால் வரவில்லை என்றால், வராத வகுப்புகளுக்குப் பாதி. இந்தப் பையனுக்கு 490-இல் பாதி 245 போக, 955 வாங்க வேண்டும். அதோடு விட்டுப்போன பாடத்துக்கு இரண்டு ஞாயிறு, தலா இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிடுவேன். ஒன்பது வகுப்பையும் அப்படியே திருப்பி எடுக்க முடியாது. நோட்டைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, கடினமான கணக்குகளை மட்டும் போட்டுக் காட்டுவேன்.

கணக்குப்புலி
அப்போ நீங்களும் 22-ஆல்தானே வகுத்தீர்கள்! நான் சொன்னதைத்தானே சொல்கிறீர்கள். இதற்கு எதற்கு 19 வருஷ அனுபவம்?

பழங்காநத்தம் வாத்தியார்
நான் வகுத்தது நானே தள்ளிக் கொடுக்கும் தொகைக்கு. பெற்றோர் தாங்களாகக் கழித்துக்கொண்டு அனுப்புவதற்கு இல்லை. இரண்டும் ஒன்றில்லை.

திருமங்கலம் மலர்
எனக்கும் இதே பிரச்சினைதான். கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரே பிள்ளைக்குச் சொல்லித் தருகிறேன், மணிக்கு 300. பஸ் ஏறிப் போய் நின்றால் வீடு பூட்டிக் கிடக்கும். மதியம் 12 மணிக்குள் சொல்லாவிட்டால் அன்றைக்குப் பாதிக் காசு என்று இப்போது எழுதி வாங்கிவிட்டேன். டீச்சரும் அப்படியே செய்யலாமே?

ஆனையூர் அப்பா
மணிக்கு 300 ரூபாயா? டீச்சரம்மா, நீங்கள் ஸ்கூலிலும் வேலை பார்க்கிறீர்களா? 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. தெரியுமா?

திருமங்கலம் மலர்
நான் எந்தப் பள்ளியிலும் இல்லை. எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். தெரியாதவர் மேல் பழி போட வேண்டாம்.

பழங்காநத்தம் வாத்தியார்
மலர் சொல்வது ஒற்றைப் பிள்ளைக்குப் பொருந்தும். அங்கே பிள்ளை இல்லை என்றால் வகுப்பே இல்லை, அதனால் மணிக்கணக்கு சரி. எட்டுப் பேர் பேட்சுக்கு அது ஆகாது.

டீச்சர் கேட்ட பாடவாரிக் கணக்கை யாருமே பேசவில்லை. 2014-இல் நான் கணக்குக்கு 700, அறிவியலுக்கு 700 என்று தனித்தனியாக வைத்தேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று வீட்டில் அறிவியலை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் போகவில்லை. தம்பியோ தங்கையோ முடித்து வரட்டும் என்று அதே திண்ணையில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்து போ என்று எந்த வாத்தியார் சொல்வார்? 2,100 ரூபாய் போனது, வேலை குறையவில்லை. இரண்டு பாடத்தையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் எடுத்தால் பிரிக்காதீர்கள். வேறு வேறு நாள், வேறு வேறு ஆள் என்றால் பிரிக்கலாம்.

ஆனையூர் அப்பா
பேச்சை மாற்ற வேண்டாம். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. அதோடு சேர்த்து நீங்கள் எல்லோரும் நாலு நாள் லீவு விட்டீர்கள். ஜனவரியில் 18 வகுப்புதான் நடந்தது. அந்த மாதம் யார் வீட்டிலாவது காசைத் திருப்பித் தந்தீர்களா? பையன் வராவிட்டால் கழிக்கக் கூடாது, டீச்சர் லீவு விட்டாலும் கழிக்கக் கூடாது, அப்படித்தானே?

பழங்காநத்தம் வாத்தியார்
அண்ணே, பொங்கல் லீவு ஜூனில் சேரும்போதே தெரிந்த லீவு. தேர்வு நெருங்கும்போது பிப்ரவரியில் ஞாயிறும் வரச் சொல்கிறோமே, அதற்குக் கூடுதல் காசு கேட்டோமா? எனக்குக் காய்ச்சல், என் வீட்டில் கல்யாணம் என்று நான் விடுகிற லீவு வேறு. அதை அந்த மாதத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கொடுத்துவிடுவேன். முடியாவிட்டால் அடுத்த மாதக் காசில் குறைத்துக்கொள்வேன். இதையெல்லாம் சேர்க்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். காசை மாதம் 5-ஆம் தேதிக்குள் முன்பணமாக வாங்க வேண்டும். முடிந்த மாதத்துக்கு வாங்குவதால்தான் அந்த அம்மாவால் கழிக்க முடிந்தது.

கணக்குப்புலி
ஜனவரியில் 18 என்றால் அப்போது 18-ஆல்தான் வகுக்க வேண்டும். அந்த அம்மா வகுப்பு நாளை எண்ணிவிட்டு காலண்டர் நாளால் வகுத்ததுதான் பிசகு. 30-ஆல் வகுத்தால் நடுவில் வந்த சனி, ஞாயிறையும் சேர்த்து 11 நாள் கழித்திருக்க வேண்டும், 440 ரூபாய். இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழங்காநத்தம் வாத்தியார்
உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். போன மாதம் கரண்ட் பில்லுக்கும் இப்படித்தான் நின்றீர்கள்.

எல்லிஸ் நகர் டீச்சர்
அடுத்த மாதம் முதல் முன்பணம் என்று எழுதிவிடுகிறேன். ஆனால் இந்த மாதத்து 115 ரூபாயைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பையன் முகத்தில் தழும்போடு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

பழங்காநத்தம் வாத்தியார்
இந்த மாதம் விட்டால் மற்ற ஏழு வீட்டுக்கும் தெரிந்துவிடும். கேளுங்கள்.

ஆனையூர் அப்பா
கேட்காதீர்கள் டீச்சர். அந்த அம்மா செய்தது சரி.

கணக்குப்புலி
சரி, தப்பு பிறகு. 30-ஆல் வகுத்தது சரியா?