புதுப்பிப்பு: இங்கிலீஷ் வக்கீல் நோட்டீசுக்குப் பதில் போயாச்சு

என் பழைய கேள்வி: “ஆத்தங்குடி கல் பில்லுக்கு இங்கிலீஷில் வக்கீல் நோட்டீஸ். தமிழிலேயே பதில் எழுதலாமா?”

தமிழிலேயே எழுதி, காரைக்குடியிலிருந்து ஒப்புகையோடு அனுப்பிவிட்டேன். முக்கியமான பத்தி இது:

“1,000 சதுர அடிக்கு ரூ.60,000 பில். வந்தது 850 தான், அதற்கு ரூ.51,000. கொடுத்த முன்பணம் ரூ.40,000 போக ரூ.11,000 தரத் தயார். மீதி ரூ.9,000-ஐ மறுக்கிறேன்.”

முதலில் “பாக்கி இருப்பது உண்மை” என்று பொதுவாக எழுதியிருந்தேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அய்யா அதை அடித்துவிட்டார். “கேஸ் போடுவதற்கான கெடு முடியுமுன் கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், அந்தக் கெடு அன்றிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடும்ப்பா. எவ்வளவு என்று தொகையோடு சொல்லு.” டிரைவர் பேனாவில் ‘850’ என்று திருத்திய சலானின் நகலையும் வைக்கச் சொன்னார். அசல் என்னிடமே.

“15 நாள் தாண்டினால் தோற்றாய்” என்று பழைய கேள்விக்குப் பதில் எழுதிய தம்பி, உங்களுடையது செக் திரும்பிய கேஸ். அங்கே 15 நாள் சட்டக்கெடு. இங்கே அது வக்கீல் வைத்த கெடு. ஆனாலும் சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாக வாதாடுவார்கள் என்பது சரிதான்.

உடைந்து வந்த 22 கல்லைப் பற்றி அன்று விற்றவரிடம் போனில்தான் சொன்னேன். கோர்ட்டில் அது நிற்குமா, தெரியவில்லை. ஆச்சி வேறு, “கொடுத்துத் தொலை” என்கிறார்கள்.