ஸ்கேலை வைத்து நிழலைப் பிடித்த கதை

மாடிவாசி: அனலாக் டிவி காலத்து மாடி ஆன்டெனா அனுபவம். ஒரே ஒரு சேனலில் மட்டும் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு தெரியும். நிழல் எப்போதும் வலது பக்கம்தான். ஒருநாள் எரிச்சலில் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தேன், 2 செ.மீ. தள்ளியிருந்தது. படத்தின் அகலம் சுமார் 50 செ.மீ. ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோ விநாடி ஆகும். ஆக, 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 1 மைக்ரோ விநாடி. அதற்குள் அலை 300 மீட்டர் ஓடிவிடும். அப்படியென்றால் நிழலை உண்டாக்கும் இரண்டாவது அலை, நேராக வரும் அலையைவிட 600 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வருகிறது. ஆன்டெனாவுக்கு நேர் பின்னால் எதிலோ பட்டுத் திரும்பினால், அந்தப் பொருள் 300 மீட்டரில் இருக்க வேண்டும். மாடியேறிப் பார்த்தால், பின்பக்கம் கிட்டத்தட்ட அதே தூரத்தில் புதிதாக எழும்பிய ஓர் அடுக்குமாடி!

வயர்மணி: கேபிள் கோளாறாக இருக்கும். பூஸ்டர் போட்டிருந்தால் சரியாகியிருக்கும்.

மாடிவாசி: போட்டேனே. நிழலும் சேர்ந்து பளிச்சென்று ஆனதுதான் மிச்சம். கேபிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. இணைப்பு பொருந்தாமல் கேபிளுக்குள்ளேயே எதிரொலித்தாலும் நிழல் விழும். ஆனால் 20 மீட்டர் கேபிளில் அது 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எழுத்தின் ஓரம் மசமசக்கும், அவ்வளவுதான்.

குமிழ்: அப்புறம் எப்படிப் போனது?

மாடிவாசி: படம் பளிச்சென்று வருகிற திசையை விட்டுக்கொடுத்தேன். கீழே ஒருவர் டிவியைப் பார்த்துக் குரல் கொடுக்க, நான் கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். 20, 25 டிகிரி திரும்பியதும் நிழல் சட்டென்று மங்கியது. ஆன்டெனாவுக்குக் காது கேட்காத ஒரு திசை உண்டு, அந்தக் கட்டடம் அதில் விழுந்துவிட்டது. படத்தில் லேசாகப் புள்ளி கூடியது. பரவாயில்லை, மூக்கு ஒன்றானது. மிச்சமிருந்த நிழலுக்குக் கம்பத்தையே அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினேன்.

சேட்டைக்காரி: எங்கள் வீட்டிலும் இதே தொல்லை, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. எத்தனை டிகிரி திருப்பணும்?

மாடிவாசி: உங்களுடையது டிஜிட்டல், அதில் இரட்டை உருவம் தெரியாது. ஆனால் எதிரொலி அங்கேயும் கெடுக்கும். மெனுவில் ஸ்ட்ரென்த் நிறைய இருந்தும் குவாலிட்டி ஆடினால் எதிரொலியைச் சந்தேகிக்கலாம். குவாலிட்டியைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். டிகிரி கணக்கு வீட்டுக்கு வீடு மாறும்.

குமிழ்: எனக்கு நிழல் இடது பக்கம் விழுந்ததே, அது எந்தக் கணக்கு?

மாடிவாசி: நேர் அலை மறைந்து, எதிரொலி அதைவிட பலமாக வந்தால் அப்படி ஆகும். எதிரே ஏதாவது மறைத்ததா?

குமிழ்: எதிரே வெறும் வயல்தான்.