பரீட்சைக்கு முன்னால் ஒரு நிமிஷத்தில் இதயம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அம்பைக்காரி

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, அறிவியல் அன்று. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாங்கள் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தோம். மணி அடிக்க இருபது நிமிஷம் இருந்தது. "ஏட்டி, ரத்த ஓட்டப் பாடத்த மட்டும் ஒரு தடவ சொல்லேன், ஒண்ணுமே மண்டைல நிக்க மாட்டேங்கு" என்று தோழி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்தப் பாடம் நன்றாகத் தெரியும். அதனால் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். ரத்தத்தில் என்னென்ன இருக்கிறது, சிவப்பணு, வெள்ளையணு வகைகள், ரத்த வகைகள் என்று போய், இதயத்துக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. பெரிய கேள்வியாக இதயத்தின் வழியே ரத்தம் போகும் பாதைதான் வந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. வெளியே வந்து அழுதாள். என் மேல் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

முழுத் தேர்வுக்குள் இதை ஒரு நிமிஷத்தில் சொல்லப் பழகிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் சரிந்துவிடும் என்று யோசித்தபோது ஒரே கேள்விதான் மிஞ்சியது. ஒரு சுற்று முடிப்பதற்குள் ரத்தம் ஏன் இரண்டு தடவை இதயத்துக்குள் வருகிறது? இதற்கு உதவாததை எல்லாம் எடுத்தேன். வில்லியம் ஹார்வி போனார், நாடித்துடிப்பு போனது, 120/80 போனது. அப்பாவின் கைக்கடிகாரத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னால் இரண்டே முக்கால் நிமிஷம். மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது ஒரு நிமிஷத்தில் முடிந்த மாதிரிதான் இருந்தது, அதை நம்பக் கூடாது. வால்வுகளின் பெயர்களை எடுத்துவிட்டு 'கதவு' என்று வைத்தேன். கடைசியில் வந்தது இது:

"இதயத்துல நாலு அறை. மேல ரெண்டு, கீழ ரெண்டு. மேல உள்ளது வாங்கும், கீழ உள்ளது தள்ளும். நடுவுல சுவரு, ரெண்டு பக்கமும் கலக்காது. இப்ப நீ ஒரு சொட்டு ரத்தம். உடம்பெல்லாம் சுத்தி ஆக்சிஜனக் குடுத்துட்டு வலது மேல் அறைக்கு வார. கதவு திறக்கு, வலது கீழ் அறை. அது உன்ன நுரையீரலுக்குத் தள்ளுது. கிட்டத்துல உள்ள ஊரு. அங்க கார்பன்-டை-ஆக்ஸைட இறக்கிட்டு ஆக்சிஜன ஏத்திக்கிடுத. திரும்பி வார, ஆனா இந்தத் தடவ இடது மேல் அறை. கதவு திறக்கு, இடது கீழ் அறை. அது உன்ன உடம்பு முழுக்கத் தள்ளணும், தூரம் சாஸ்தி, அதான் அதோட சுவரு தடியா இருக்கு. சுத்தி முடிச்சு மறுபடியும் வலது மேல். ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ இதயத்துக்குள்ள வந்துட்ட. அதான் இரட்டைச் சுற்றோட்டம்."

நேரம் மிஞ்சினால் பஸ்ஸையும் சேர்த்துக்கொள்வேன். நெல்லை ஜங்ஷனிலிருந்து ஒரு பஸ் பாளைக்குப் போய்த் திரும்புகிறது, அடுத்த நடை திருச்செந்தூருக்குப் போய்த் திரும்புகிறது, இரண்டுக்கும் நடுவில் ஜங்ஷனுக்கு வந்தே ஆக வேண்டும்.

முழுத் தேர்வில் அந்தத் தோழி அழகாக எழுதினாள். ஆனால் என்னிடம் கேட்ட இன்னும் இரண்டு பேர் வலதையும் இடதையும் அப்படியே மாற்றி எழுதிவிட்டார்கள். நான் சரியாகத்தான் சொன்னேன். எங்கே தவறியது என்று இன்றுவரை தெரியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

கடையம் தம்பி

அக்கா, இதை இன்னும் சுருக்கலாம். எங்கள் செட்டில் நான் சொல்வது ஒரே வரிதான்: தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம். பத்து செகண்டில் முடிந்துவிடும். அப்புறம் வால்வுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். இடதுக்கு ஈரிதழ். இனாவுக்கு அடுத்தது ஈயன்னா, மறக்கவே மறக்காது. மிச்சம் இருக்கும் மூவிதழ் தானாக வலதுக்குப் போய்விடும். இதைச் சொல்லிக் கொடுத்து நாலு பேர் ஒரு மதிப்பெண் கேள்வியில் தப்பித்தார்கள்.

சங்கரன்கோவில் வாசகன்

என் மகள் போன வருஷம் ஒரு நிமிஷப் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டாள். வணக்கம் சொல்வதற்கே பத்து விநாடி போய்விட்டது. இதயம் பற்றிப் பேசுவதென்றால் முதலில் ஒரு குறளில் ஆரம்பித்தால் நடுவர்களுக்குப் பிடிக்கும். கைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார்

சங்கரன்கோவில் ஐயா, இங்கே பேசுவது போட்டியைப் பற்றி இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சைக்கு முன்னால் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி. அதில் வணக்கமே வேண்டாம்.

அம்பைத் தாயி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ அந்த இரண்டு பேருக்கும் எதிரே நின்று, உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருப்பாய். உன் வலது அவர்கள் கண்ணுக்கு இடது பக்கம் தெரியும். புத்தகப் படமும் அப்படித்தான். படத்தில் நமக்கு இடப்பக்கம் இருப்பது அந்த மனிதனின் வலது. சில பிள்ளைகள் இதைத் தானாகத் திருப்பிக்கொள்ளும், சிலது திருப்பாது. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியதில் இந்தப் பிழையைப் பார்க்காத வருஷம் இல்லை. பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து நின்று சொல். அவர்கள் கையை அவர்கள் நெஞ்சிலேயே வைக்கச் சொல்.

தம்பி, உன் இனா ஈயன்னா அருமை, நான் வகுப்பில் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஒரு வரி ஆபத்து. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. திசைதான் கணக்கு. வலது கீழ் அறையிலிருந்து நுரையீரலுக்குப் போகிறதே, அது தமனி. அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நுரையீரலிலிருந்து ஆக்சிஜனோடு திரும்புவது சிரை. கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். உன் வரியைக் கேட்டவன் உடம்பு முழுக்கச் சரியாக எழுதிவிட்டு நுரையீரலில் வந்து சறுக்குவான். அதோடு, நீ ஒருவன் தப்பாகப் படித்தால் ஒரு விடைத்தாள்தான் கெடும். மரத்தடியில் நின்று சொன்னால் பத்துத் தாளில் அதே தப்பு அதே வார்த்தையில் வரும்.

'அசுத்த ரத்தம்' என்ற சொல்லையும் விட்டுவிடலாம். திரும்பி வரும் ரத்தத்தில் அழுக்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு, திரும்பி வருகிற ரத்தத்திலும் ஏறின ஆக்சிஜனில் முக்கால் பங்கு போல மிச்சம் இருக்கும். பஸ் காலியாகத் திரும்புவதில்லை, கால்வாசி சீட்தான் இறங்கியிருக்கிறது.

கடையம் தம்பி

சரி ஸார், நுரையீரல் இடத்தை ஒத்துக்கொள்கிறேன். எனக்கே அந்த ஒரு மதிப்பெண் போயிருக்கிறது, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் அந்த முக்கால் பங்கு கதையை ஒரு நிமிஷத்துக்குள் எப்படிச் சொல்ல? கேட்கிறவன் இன்னும் குழம்புவானே. ஆக்சிஜன் உள்ளது, இல்லாதது என்று சொன்னால்தான் நிற்கும்.

ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார்

'இல்லாதது' என்று சொல்லாமல் 'குறைந்தது' என்று சொல். அதற்குக் கூடுதல் நேரம் ஆகாது.

கயத்தாறு பக்கம்

அறிவியலில் ஒரு சொட்டைப் பின்தொடர்ந்து போகலாம். நான் மாட்டிக்கொண்டது வரலாற்றில். தமிழகத்தின் தொடக்ககாலக் கிளர்ச்சிகள் பாடம். பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், வேலூர் என்று ஒவ்வொருவருக்கும் பத்து விநாடி கொடுத்துச் சொன்னேன். கேட்டவர்களுக்குப் பெயர்கள் மட்டும் மிஞ்சின. யார் யாரோடு சண்டை போட்டார் என்பது போய்விட்டது.

அடுத்த தடவை கட்டபொம்மனை மட்டும் எடுத்தேன். கும்பினிக்கு வரி பாக்கி, கலெக்டர் ஜாக்சன் அலைக்கழித்து 1798இல் ராமநாதபுரத்தில் சந்திக்கிறார், அங்கே மோதல். 1799 செப்டம்பரில் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு வருகிறது. அக்டோபர் 16 கயத்தாறில் தூக்கு. வரி, சந்திப்பு, கோட்டை, கயத்தாறு என்று நாலு படி. மதுரை பஸ்ஸில் போகிறவன் கயத்தாறு நினைவிடத்தைப் பார்த்திருப்பான், அதனால் கடைசிப் படி மறக்காது. மற்ற ஆட்களுக்கும் இதே நாலு படியை வைத்து நீங்களே நிரப்பிப் பாருங்கள் என்று விட்டுவிட்டேன். பூலித்தேவருக்கு ஓரளவு பொருந்தியது. வேலூருக்குப் பொருந்தவே இல்லை, அது சிப்பாய்களின் கிளர்ச்சி. அதற்குத் தனியாக ஒரு நிமிஷம் வேண்டும்.

தென்காசி அம்மா

என் மகளுக்கு நடந்தது வேறு. ராத்திரி அவள் நன்றாகப் படித்து என்னிடம் ஒப்பித்தாள். காலையில் கேட்டுக்கு வெளியே தோழி ஒருத்தி வேறு வரிசையில் சொல்லியிருக்கிறாள், இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்து. அதுவும் சரிதானாம். ஆனால் இவளுக்குத் தெரிந்ததும் கலங்கிவிட்டது. அதிலிருந்து கடைசி அரை மணி நேரம் யார் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள் என்கிறேன். முதல் நாள் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தால் நல்லது என்பது என் எண்ணம்.

கடையம் தம்பி

சாயங்காலம் யாரும் கேட்க வருவதில்லை அத்தை. பயம் வருவதே காலையில்தானே.

அம்பைக்காரி

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்ததும் வேப்பமரத்தடி அப்படியே கண்ணுக்கு வந்தது. சரியாக எழுதியவள் என் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். மற்ற இருவரும் எதிரே. இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது.

தென்காசி அம்மா சொல்வதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம். "நீ எங்கேருந்து ஆரம்பிப்ப?" என்று முதலில் கேட்டு, அவர்கள் ஆரம்பிக்கும் அறையிலிருந்தே சொன்னால் கலங்காது என்று நினைக்கிறேன். வட்டம்தானே, எங்கே ஏறினாலும் சுற்றி வரலாம்.

நேற்று அக்கா மகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். திண்ணையில் இருவரும் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, கை அவள் நெஞ்சில். 'குறைந்தது' என்றுதான் சொன்னேன். முடிந்ததும் "புரிஞ்சுதா" என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வெள்ளைத்தாளில் நாலு கட்டம் போட்டுக் கொடுத்து, ரத்தம் போகும் வழியைக் கோடாகப் போடச் சொன்னேன். வலது கீழ் அறையிலிருந்து நேராகச் சுவரைத் தாண்டி இடது பக்கத்துக்குக் கோடு இழுத்தாள். நுரையீரலை விட்டுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் சுவர்க்கோட்டின் மேல் விரலை வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்து, தாளின் மேல் ஓரத்துக்குக் கொண்டுபோய், நுரையீரல் என்று எழுதி, இடது மேல் அறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

அப்புறம் பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "சித்தி, எதுத்த வீட்டுப் பாப்பாவுக்கு இதயத்துல ஓட்டைன்னு சொன்னாங்கள்லா, அது இந்தச் சுவர்லயா?"