பிரம்மச்சரியத்தில் நாக்கும் காதும் எங்கிருந்து வந்தன?

புதுவாசகன்: பிரம்மச்சரியம் என்றால் பெண் பக்கம் போகாமல் இருப்பது என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். இப்போது சிலர் சாப்பாடு, பேச்சு, பார்வை எல்லாவற்றையும் அதில் சேர்க்கிறார்கள். இது பழைய நூல்களிலேயே உள்ளதா, பின்னால் ஒட்டியதா?

பழையபேட்டை: ஒட்டியதுதான். பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு வியாசர் பேரில் வழங்கும் உரை, பிறப்புறுப்பின் அடக்கம் என்று நேராகவே சொல்லிவிடுகிறது. பொருள்களின் மேலுள்ள ஆசைக்குப் பதஞ்சலி அபரிக்கிரகம் என்று தனி யமமே, அதாவது தனி ஒழுக்க விதியே, வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் இதற்குள் திணித்தால் கடைசியில் ‘அளவோடு இருந்தால் போதும்’ என்றுதான் வந்து நிற்கும். அது விரதமே இல்லை.

முருகுவேல்: விஷயம் அவ்வளவு சுற்றி வளைப்பதே இல்லை. நாற்பது துளி ரத்தம் ஒரு துளி விந்து. அதைச் சேமித்தால் சக்தி, விட்டால் நஷ்டம். தூக்கத்தில் போனாலும் விரதம் போச்சு.

தாமிரபரணி: முருகுவேல், ஏழு தாதுக்களில் சுக்கிலம் கடைசி என்று ஆயுர்வேதம் சொல்வதிலிருந்து வளர்ந்த கணக்கு அது. உடம்பில் அப்படி ஒரு மாற்று விகிதம் கிடையாது. தூக்கத்தில் போவதற்கு மனுஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயத்திலேயே பதில் இருக்கிறது. பிரம்மச்சாரி தெரிந்தே செய்தால் விரதம் கெட்டது. கனவில் தன்னை மீறி நடந்தால் குளித்து, சூரியனை வணங்கி, ஒரு மந்திரத்தை மூன்று முறை சொன்னால் போதும். துளிக் கணக்குதான் விரதம் என்றால் இரண்டுக்கும் ஒரே தண்டனை இருந்திருக்க வேண்டும்.

பழையபேட்டை ஐயா, துறவியின் விரதத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் குருவின் வீட்டில் படித்த மாணவனுக்கும் இதே பெயர்தான். அவனுக்கு விலக்கியவற்றை அதே அத்தியாயத்தில் பாருங்கள்: தேன், இறைச்சி, வாசனைப் பொருள், மாலை, பெண், கண்ணுக்கு மை, செருப்பு, குடை, ஆட்டம், பாட்டு, சூதாட்டம், வீண் சண்டை, புறம் பேசுதல், பொய். உடலுறவு அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். அவன் பிச்சை எடுத்த சோற்றைக்கூட அப்படியே சாப்பிட முடியாது. வீடு வீடாக நின்று வாங்கி வந்து, முதலில் குருவிடம் காட்ட வேண்டும். அப்புறம்தான் வாய் கழுவி உட்கார்ந்து உண்ணலாம். பசி வயிற்றைக் கிள்ளும்போது கையில் சோற்றோடு நடந்து வருகிற அந்தப் பையன் பழகுவது எதை என்று யோசியுங்கள்.

வெண்ணிலா: அந்தப் பட்டியலில் தேன், இறைச்சி வரிசையில் பெண் இருக்கிறாள், கவனித்தீர்களா? விலக்க வேண்டிய பண்டங்களில் ஒரு பண்டம். காந்தி 1906இல் விரதம் எடுத்தார். அதுவரை மனைவியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, எடுக்கும் நேரத்தில்தான் கேட்டேன், அவர் மறுக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஒருவருடைய புலனடக்கத்தில் இன்னொருவருடைய வாழ்க்கையும் சேர்ந்து முடிவாகிறதே, அதற்கு நூல்களில் என்ன பதில்?

மலைக்குப்போறவன்: நான் வருஷா வருஷம் மாலை போடுகிறவன். மண்டலம் முழுக்கச் செருப்பில்லை, கறி இல்லை, தனிப்படுக்கை. ஆனால் வாய் நிற்காது. கடையில் வேலை செய்யும் பையனைக் காலையிலிருந்து திட்டுவேன், நடுவில் சரணமும் சொல்வேன். அவன் ஒருநாள், “சாமி, மாலை போட்ட அப்புறம்தான் நீங்க அதிகமாகத் திட்டுறீங்க” என்றான். பசியும் தூக்கக் குறைவும் கோபமாக வருகிறது. இது விரதத்தில் சேருமா, சேராதா?

பழையபேட்டை: சாமி, சேராது. உடம்பைக் கட்டிவைத்துவிட்டு மனதால் விஷயங்களை நினைத்துக்கொண்டிருப்பவனைப் பொய்யொழுக்கக்காரன் என்று கீதையின் 3ஆம் அத்தியாயம் சொல்வது உண்மைதான். மாணவனின் பட்டியலில் கோபமும் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவை வேலி. வேலிக்குள் இருப்பது உடலுறவு விலக்குதான். வேலி போட்டதாலேயே அதையும் பயிர் என்று சொல்ல முடியாது.

தாமிரபரணி: அப்படியானால் அதே மனு, குறிப்பிட்ட இரவுகளை விலக்கி மனைவியோடு வாழ்கிற இல்லறத்தானையும் பிரம்மச்சாரி என்று ஏன் சொல்கிறார்? பிரச்ன உபநிடதமும் இரவில் கூடுவதைப் பிரம்மச்சரியம் என்றே சொல்கிறது. காந்தியின் பால் கதையும் இதில் சேரும். நாக்கை அடக்காமல் மற்றது அடங்காது என்று 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் கல்லென்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். 1918இல் கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து தேறாமல் கிடந்தபோது, சபதம் பசு, எருமைப் பாலுக்குத்தானே என்று கஸ்தூரிபா சொல்ல, ஆட்டுப்பால் குடித்தார். அதற்காகப் பின்னாலும் வருந்தினார், சொல்லைக் காப்பாற்றிவிட்டுக் கருத்தை விட்டுவிட்டதாக. உடலுறவு மட்டும்தான் விரதம் என்று நினைத்தவர் ஆட்டுப்பாலுக்கு இவ்வளவு வருந்துவாரா?

பழையபேட்டை: இல்லறத்தானை அப்படிச் சொல்வது பாராட்டு. அவன் விரதம் எடுத்தவன் ஆகிவிட மாட்டான். பிரச்ன உபநிடத வரிக்குச் சங்கரர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

வெண்ணிலா: நான் கேட்டதற்கு இன்னும் யாரும் வரவில்லை.