சாம்பிள் ரேஷியோ மிஸ்மேட்ச்: தமிழில் என்ன சொல்லலாம்?

கவிதா: வணக்கம். விளம்பரச் சோதனை பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். சோதனையில் ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கும்போது, கேட்ட விகிதத்தில் ஆட்கள் வந்து சேராததைச் சாம்பிள் ரேஷியோ மிஸ்மேட்ச் என்கிறார்கள். அதற்கு ‘மாதிரி விகிதச் சமமின்மை’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

முருகேசன்: ‘சமமின்மை’ வேண்டாம் அம்மா. 70:30 கேட்டு 70:30 வந்தால் அது சமமில்லைதான், ஆனால் கோளாறும் இல்லை. 50:50 கேட்ட இடத்தில் 51:49 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கேட்டதிலிருந்து விலகியதைச் சொல் காட்டட்டும். ‘மாதிரி’யும் பேச்சு வழக்கோடு குழம்பும். பள்ளிப் புள்ளியியலில் சாம்பிளுக்குக் ‘கூறு’ என்ற சொல் உண்டு. ‘கூறு விகிதப் பிறழ்வு’ என்பேன்.

பாலா: 51:49 எல்லாம் ஒரு பிறழ்வா சார்? நாணயம் சுண்டினாலே அப்படி வரும். எங்கள் விளம்பரத்தில் கிளிக் 60:40 வந்தது, அதைச் சொல்லுங்கள்.

முருகேசன்: தம்பி, கிளிக் என்பது விளம்பரத்தின் விளைவு. நல்ல விளம்பரம் அதிகக் கிளிக் வாங்கத்தான் செய்யும். எந்தப் பக்கம் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை எண்ண வேண்டும். நாணயம் பற்றிச் சொன்னது பாதி சரி. 1,000 பேரில் 510 வருவது சகஜம். 1,00,000 பேரில் தற்செயல் ஊசலாட்டம் சுமார் 158தான். 51,000 வந்தால் அது தற்செயலில்லை.

கவிதா: அப்படியானால் எனக்கு நேர்ந்தது இதுதான். விளம்பரம் பார்த்து வந்தவர்களைப் பழைய இணையப் பக்கம், புதிய பக்கம் என 50:50 பிரித்தோம். பழைய பக்கத்தில் 50,060 பேர், புதியதில் 48,610 பேர். வாங்கியவர்கள் 1,001, 1,021. அதாவது 2.0%, 2.1%. புதியது வென்றது என்று அறிக்கையே கொடுத்துவிட்டேன். கை-ஸ்கொயர் என்னும் கை வர்க்கச் சோதனை போட்டுப் பார்த்தபோது, இந்த இடைவெளி தற்செயலாக வர 10 லட்சத்தில் 4 வாய்ப்புதான்.

நஸ்ரின்: புதிய பக்கத்துக்கு, பழைய முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வழியாகவா அனுப்பினீர்கள்?

கவிதா: ஆமாம். எண்ணும் நிரலும் அந்தப் பக்கம் திறந்த பிறகுதான் ஓடும்.

நஸ்ரின்: அப்போது மெதுவான இணைப்பில் வந்தவர்கள் பக்கம் திறக்கும் முன்பே போயிருக்கலாம். எண்ணப்படாத 1,450 பேர் ஒன்றும் வாங்கவில்லை என்று வைத்துச் சேர்த்தால் 1,021-ஐ 50,060-ஆல் வகுக்க வேண்டும், 2.04% வரும். வெற்றியில் பாதிக்குமேல் கரைந்துவிட்டது. ஆனால் போனவர்கள் யார் என்று நமக்குத் தெரியாததால் இந்த எண்ணையும் முடிவாக எடுக்க முடியாது. ரீடைரக்டுக்கு முன்பே, சர்வரில் பிரித்த கையோடு எண்ணி, சோதனையைத் திரும்ப நடத்துங்கள்.

சொல்லிலும் எனக்கு ஓர் உறுத்தல். பிரித்தது சரியாகத்தான் நடந்தது. ஆட்கள் வந்து சேரவில்லை. ‘கூறு விகிதப் பிறழ்வு’ என்றால் பிரித்ததிலேயே தவறு என்று படாதா? ‘வரவு விகிதப் பிறழ்வு’?

முருகேசன்: பிரிக்கும் நிரலே பிழையாகவும் இருக்கலாம், மனிதர்போல் வந்துபோகும் தானியங்கி நிரல்களான பாட்களை வடிகட்டும்போது ஒரு பக்கம் மட்டும் குறையவும் செய்யலாம். சொல் ஒரு காரணத்தைச் சுட்டக் கூடாது. அதனால்தான் வெறும் ‘கூறு’ என்றேன்.

நஸ்ரின்: ‘கூறு’ என்றால் பலர் ‘பகுதி’ என்றுதான் படிப்பார்கள் ஐயா. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

கவிதா: கையேட்டில் இப்போதைக்குக் ‘கூறு விகிதப் பிறழ்வு’ என்று வைக்கிறேன். திருத்திய அறிக்கையை இன்றே வாடிக்கையாளருக்கு அனுப்புகிறேன்.