புதுப்பிப்பு: 3-க்குப் பதில் 2 வந்த கதை

“1 முதல் 5 வரை எண்கள், பட்டியல் [3,1,3,4,2]. இரண்டு முறை வருவது 3. என் நிரல் ஏன் 2 என்கிறது?”

இது முன்பு நான் கேட்ட கேள்வி. என் முறை இது: 3 வந்தால் மூன்றாம் இடத்தில் இருப்பதற்கு மைனஸ் போடுவேன்; அங்கே ஏற்கெனவே மைனஸ் இருந்தால் 3 இரண்டாம் முறை வருகிறது என்று பொருள். தவறான விடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்: மூன்றாவது எண்ணைப் படிக்கும்போது அது ஏற்கெனவே -3 ஆகியிருந்தது. நான் `abs` போடவில்லை. பைத்தான் `a[-4]`-ஐப் பிழை சொல்லாமல் பின்னாலிருந்து எண்ணி, இரண்டாம் இடத்துக்கு மைனஸ் போட்டுவிட்டது.

```python
for v in a:
    i = abs(v) - 1
    if a[i] < 0: print(i + 1)
    else: a[i] = -a[i]
```

இப்போது 3 என்று சரியாக வருகிறது. முடிவில் பட்டியல் [-3,-1,-3,-4,2]. ஐந்தாம் இடம் மட்டும் மைனஸ் ஆகவில்லை, அதனால் விடுபட்டது 5.

கூட்டுத்தொகையே போதும் என்றார் இன்னொருவர். 1 முதல் 5 வரை கூட்டினால் வரவேண்டிய 15-க்குப் பதில் 13 வந்தால் வித்தியாசம் 2 என்று தெரியும். இரண்டு முறை வந்தது எது, விடுபட்டது எது என்று தெரியாதே! அப்புறம், தன் பட்டியலில் 0-வும் உண்டு என்றார் ஒரு தோழி. 0-வுக்கு மைனஸ் ஒட்டாது. அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.