அட்டவணையைப் படமாகப் போட்ட இதழுக்கு எழுதிய மின்னஞ்சல்

நாற்றங்கால்
நெல்லுக்குத் தழைச்சத்தைப் பிரித்து இடுவது பற்றிய பழைய வயல் ஆய்வுகளைத் திரட்டி மெட்டா பகுப்பாய்வு செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு கட்டுரையின் மூன்றாம் அட்டவணை முழுக்கப் படம். சுருக்கிப் போட்டதால் பெரிதாக்கிப் பார்த்தாலும் 1 எது, 7 எது என்று பிரியவில்லை. எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால், 5.18க்கு மேலே பொடியாக நிற்கும் b-யை 6 என்று எடுத்துக்கொண்டு 5.186 என்று தருகிறது. மற்ற எண்களுக்கெல்லாம் இரண்டே தசம இடம் என்பதால் அதைப் பிடித்துவிட்டேன். சராசரிகளின் வேறுபாட்டுக்கான திட்டப் பிழை, அதாவது SEd மட்டும் 0.21ஆ, 0.27ஆ என்று தீரவில்லை. ஒரு ஆய்வுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

"இந்தக் கட்டுரையின் தரவைப் பகிர முடியுமா?" என்று இதழுக்கு எழுதினேன். "தரவு எங்களிடம் இல்லை, கட்டுரையாளரைக் கேளுங்கள்" என்று பதில். கட்டுரையாளரின் முகவரிக்கு அனுப்பியது அப்படியே திரும்பி வந்துவிட்டது. இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

கரும்பலகை
வீண் முயற்சி அம்மா. அச்சானது எல்லாம் பதிப்பகத்தின் காப்புரிமை. அந்த எண்களை எடுத்துக் கணக்குப் போடுவதே தவறு.

ஒற்றைவரி
நானும் இதே சிக்கலில் இருந்தேன். WebPlotDigitizer-இல் படத்தை ஏற்றி, அச்சுகளைக் குறித்து, புள்ளிகளைச் சொடுக்கினால் மதிப்பு வந்துவிடும். அரை மணி நேர வேலை.

நாற்றங்கால்
அது வரைபடத்துக்குச் சரி. என்னிடம் இருப்பது எண்கள் அச்சான அட்டவணையின் படம்.

பழைய மெய்ப்பு
பதினோரு வருடம் ஒரு இதழில் மெய்ப்பு பார்த்தவன் நான். கரும்பலகை சார் சொல்வதில் பாதி சரி. அட்டவணையை அப்படியே மறுபிரசுரம் செய்ய அனுமதி வேண்டும். எண்ணைப் படித்துக் கணக்குப் போடுவதற்கு யாரும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் மின்னஞ்சலில் இடறியது "தரவு" என்ற சொல். அதைப் படித்ததும் ஆசிரியர், வயலில் பாத்தி பாத்தியாக எடுத்த மூல அளவீடுகளை நீங்கள் கேட்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். அது அவரிடம் இருக்காது. ஆனால் கட்டுரையாளர் அனுப்பிய வேர்ட் கோப்பு இருக்கும். பக்கம் கட்டும் இடத்தில் அட்டவணை உடையாமல் இருக்கப் படமாக்கி ஒட்டியிருப்பார்கள். ஆகவே தொகுதி, பக்கம், அட்டவணை எண் மூன்றையும் போட்டு, "அச்சான இந்த அட்டவணையின் வேர்ட் அல்லது எக்செல் வடிவம் போதும், மூல அளவீடு வேண்டாம்" என்று எழுதுங்கள். படிக்க முடியாத கட்டங்களை வட்டமிட்டு இணையுங்கள். அது ஐந்து நிமிட வேலை என்று தெரிந்தால் செய்துவிடுவார்கள்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. SEd-க்குக் கீழே, அதை டி மதிப்பால் பெருக்கி வரும் CD அச்சாகியிருக்குமே, அது தெளிவாகத் தெரிகிறதா? எத்தனை உரமுறை, எத்தனை மறுபதிவு?

நாற்றங்கால்
CD 0.46, தெளிவாகவே இருக்கிறது. ஏழு உரமுறை, மூன்று மறுபதிவு, ஆர்பிடி என்ற சமவாய்ப்புத் தொகுதி அமைப்பு.

பழைய மெய்ப்பு
அப்படியானால் பிழையின் சுதந்திரப்படி 6 × 2 = 12. ஐந்து சதவீதத்தில் டி மதிப்பு 2.179.

```
0.21 × 2.179 = 0.458
0.27 × 2.179 = 0.588
```

அச்சில் 0.46 என்றால் உங்கள் எண் 0.21. விளைச்சல் எண்களை இப்படிச் சரிபார்க்க முடியாது. அதனால் மின்னஞ்சலை விட்டுவிடாதீர்கள்.

செவிவழி
எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பானில் அந்த மாதிரிப் பக்கத்துக்குப் போனால் "படம்" என்ற ஒரே சொல்தான் கேட்கும். உங்களுக்கு ஒரு எண் சந்தேகம் என்றால் எனக்கு அட்டவணையே இல்லை. நான் எழுதும்போது இதைத்தான் முதல் வரியில் சொல்வேன். மூன்று இதழ்களில் இரண்டு கோப்பு அனுப்பின. ஒன்று, கூடுதல் பிக்சலில் அதே படத்தை அனுப்பியது.

நாற்றங்கால்
ஐயா சொன்னபடி எழுதினேன், ஒன்பதாம் நாள் வேர்ட் கோப்பு வந்தது. SEd 0.21தான்! மிக்க நன்றி.

ஆனால் வேறொன்று இடிக்கிறது. நான்காம் உரமுறையின் விளைச்சல் கோப்பில் 5.42. படத்தில் 5.24, இது மங்கலே இல்லை.

பழைய மெய்ப்பு
அவர்கள் அனுப்பியது முதலில் சமர்ப்பித்த பிரதியாக இருக்கலாம். மெய்ப்புத் திருத்தம் பக்கத்தில்தான் ஏறும், வேர்டுக்குத் திரும்பாது. அப்படியானால் படம்தான் சரி. பக்கம் கட்டியவர் இலக்கத்தை மாற்றித் தட்டியிருந்தால் கோப்பு சரி. ஏற்றுக்கொண்ட பிரதியா, சமர்ப்பித்த பிரதியா என்று கேளுங்கள். கட்டுரையின் உரையில் "விளைச்சல் இத்தனை சதவீதம் கூடியது" என்று எங்காவது எழுதியிருக்கிறாரா?

நாற்றங்கால்
தேடிவிட்டேன், இரண்டாம் உரமுறைக்கு மட்டும்தான் சதவீதம் இருக்கிறது. இதழுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை இரண்டு எண்ணையும் தனித்தனியே போட்டு ஓட்டிப் பார்க்கிறேன்.

கரும்பலகை
அந்த வேர்ட் கோப்பைச் செனோடோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள், அதற்காவது அனுமதி கேளுங்கள்.

நாற்றங்கால்
அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன் சார்.